செக் திரும்பிவிட்டது: தவணைக் கடிதமா, 138 நோட்டீஸா, மறுபடி வங்கியில் போடுவதா?

வாடிக்கையாளர் கொடுத்த செக் திரும்பி வந்ததும் கடைக்காரர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். "மாசக் கடைசிக்குள்ள கொடுத்துடுங்க" என்று தன்மையாக ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புகிறார்கள். இல்லையென்றால் "மறுபடி போட்டுப் பாருங்க, பணம் இருக்கும்" என்ற பேச்சை நம்பி அதே செக்கைத் திரும்பவும் வங்கியில் போடுகிறார்கள். இரண்டும் இல்லாவிட்டால், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் அனுப்ப வக்கீலைப் பார்க்கிறார்கள். எது மரியாதை, எது கடுமை என்பதை வைத்துத்தான் இவற்றைப் பொதுவாக எடைபோடுகிறோம். உண்மையில் எடைபோட வேண்டியது நாட்கணக்கை. எந்த வழி சட்டம் கொடுத்த நாட்களைத் தின்கிறது, எது காப்பாற்றுகிறது என்று பார்த்தால் முடிவு எடுப்பது எளிது.

முதலில் மெமோவைப் படியுங்கள். வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவில் காரணம் அச்சாகியிருக்கும். தேதி தவறு, எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகைகள் பொருந்தவில்லை, அடித்துத் திருத்தியிருக்கிறது என்பன போன்ற காரணம் என்றால் அது எழுத்துப் பிழை. வாடிக்கையாளரிடம் சொல்லி வேறு செக் வாங்கிக்கொள்வதுதான் வழி. 'போதிய பணம் இல்லை' என்று வந்திருந்தால்தான் இந்தக் கட்டுரையின் கேள்வியே எழுகிறது. கணக்கு மூடப்பட்டது, பணம் தர வேண்டாமென்று வங்கிக்குச் சொல்லிவிட்டார், கையெழுத்து ஒத்துவரவில்லை என்ற காரணங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

அந்தச் சட்டம் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். செலாவணி முறிச் சட்டம் என்றும் சொல்வார்கள். செக் திரும்புவதைக் குற்றமாக்கும் பிரிவு 138 அதில் 1989 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதிகபட்ச தண்டனை இரண்டு ஆண்டு சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் செக் திரும்பியதோடு குற்றம் முழுமையாகிவிடுவதில்லை. கடைக்காரர் எழுத்தில் பணம் கேட்டு, கேட்டது கிடைத்த பிறகும் செக் கொடுத்தவர் 15 நாளில் தராமல் இருந்தால்தான் வழக்குக்கு வழி பிறக்கிறது. அதாவது இந்தக் கடிதம் வெறும் சம்பிரதாயம் அல்ல, வழக்கின் ஒரு உறுப்பு. அது பழுதானால் வழக்கே நிற்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பெயின்ட் கடையில் 48,500 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தவர் மே 5 தேதியிட்டு செக் தருகிறார். கடைக்காரர் மே 8 அன்று வங்கியில் போடுகிறார். பணம் இல்லையென்று திரும்பிய மெமோ மே 11 அன்று கைக்கு வருகிறது.

இங்கிருந்து முதல் கெடு ஓடத் தொடங்குகிறது. செக் திரும்பிய தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். மே 12 முதல் நாள், ஜூன் 10 முப்பதாவது நாள். அதற்குள் தபாலில் சேர்த்துவிட்டால் போதும், அவர் கைக்குப் போய்ச் சேர்வது பிறகானாலும் பரவாயில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: மெமோ காகிதம் கைக்கு வருவதற்கு முன்பே செக் திரும்பியது என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தால், அந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம்.

நோட்டீஸ் மே 20 அன்று போய், மே 23 அன்று அவர் கையில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டாவது கெடு. மே 24 முதல் 15 நாள் எண்ணினால் ஜூன் 7 வருகிறது. அன்று இரவு வரை அவர் பணம் தரலாம். தந்துவிட்டால் குற்றமே இல்லை. தராவிட்டால் ஜூன் 8 அன்று வழக்குரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். இந்த ஒரு மாதம் காலண்டர் மாதம், 30 நாள் அல்ல. ஜூலை 7-ஐக் கடைசி நாளாக எழுதிவைத்துக்கொண்டால் எந்தச் சிக்கலும் வராது.

இந்த மூன்று கெடுக்களில் கடைசிக் கெடு தவறினால் மட்டும், தகுந்த காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்க முடியும். முதல் 30 நாள் கெடு தவறினால் மன்னிப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. மூன்று வழிகளையும் இந்தக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்.

தன்மையான தவணைக் கடிதம்

நெடுநாள் வாடிக்கை, முகத்தை முறித்துக்கொள்ள மனமில்லை. அதனால் மே 14 அன்று கடைக்காரர் "ஜூன் 30-க்குள் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதுகிறார். இது இரண்டு விதமாகக் காலை வாரும்.

அந்தக் கடிதத்தில் பணம் தரும்படி தெளிவான கோரிக்கை இல்லை, "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்ற அளவில்தான் இருக்கிறது என்றால், அது நோட்டீஸ் ஆகாது. ஜூன் 30 வரை காத்திருப்பதற்குள் ஜூன் 10 போய்விடும்.

தெளிவான கோரிக்கை இருந்தால் சிக்கல் வேறு திசையில் வருகிறது. பிரிவு எண் எழுதவில்லை, வக்கீல் கையெழுத்து இல்லை என்பதற்காக அது நோட்டீஸ் இல்லை என்று ஆகிவிடாது. செக் விவரமும் தொகையைக் கேட்டதும் இருந்தால் அதுவே சட்டப்படியான நோட்டீஸ் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அது மே 16 அன்று அவருக்குக் கிடைத்திருந்தால் 15 நாள் மே 31-லேயே முடிந்து, புகாருக்கான மாதம் ஜூன் 1 அன்று தொடங்கிவிடும். கடைக்காரரோ ஜூன் 30 வரை சும்மா இருந்து, பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அதிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குவார். செக் ஒரு தடவை திரும்பியதற்கு ஒரு நோட்டீஸ்தான் கணக்கு. இரண்டாவது நோட்டீஸ் புது அவகாசம் தராது. பல நல்ல வழக்குகள் இப்படித்தான் காலாவதியாகின்றன.

நோட்டீஸிலேயே 15-க்குப் பதில் 30 நாள் கொடுக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் சட்டத்தின் 15 நாள் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். நம் கணக்கில் 30 நாள் என்றால் ஜூன் 22 வரை காத்திருப்பு, புகாருக்கு மிஞ்சுவது 15 நாள். 45 நாள் கொடுத்தால் ஜூலை 7 அன்று அவருக்குக் கொடுத்த தவணையும் கடைக்காரரின் உரிமையும் ஒன்றாக முடியும். குறைத்துக் கொடுப்பதிலும் லாபமில்லை. "மூன்று நாளில் தராவிட்டால் வழக்கு" என்று எழுதினாலும் 15 நாள் முடியாமல் புகார் கொடுக்க முடியாது. அப்படி அவசரப்பட்டுக் கொடுத்த புகார் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்மானமாகச் சொல்லிவிட்டது.

மரியாதை காட்ட வேண்டுமானால் அதை நோட்டீஸின் நடையில் காட்டுங்கள், நாட்களில் காட்டாதீர்கள். தொலைபேசியில் எவ்வளவு தன்மையாக வேண்டுமானாலும் பேசலாம். எழுத்தில் 15 நாள், அதுவும் "இந்த அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து" என்ற சொற்களோடு. கெடுவை இன்ன தேதி என்று எழுதினால் தபால் தாமதமாகி 15 நாள் குறைந்துபோக வாய்ப்புண்டு.

மறுபடி வங்கியில் போடுவது

இதை நான் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். செக்கின் ஆயுள் மூன்று மாதம். 2012 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஆறு மாதத்தை மூன்றாகக் குறைத்தது. மே 5 செக் ஆகஸ்ட் தொடக்கம் வரை உயிரோடு இருக்கும். அதற்குள் எத்தனை தடவையும் போடலாம். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் புது மெமோ, புது 30 நாள். முதல் தடவை நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போடாமல் விட்டிருந்தாலும், செக் ஆயுளுக்குள் மறுபடி போட்டுத் திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் முடிவு செய்தது. ஆகவே தவணைக் கடிதம் எழுதி ஜூன் 10-ஐக் கோட்டைவிட்டவருக்கு இது கடைசிக் கதவு. இன்றே செக்கின் தேதியைப் பாருங்கள். ஆயுள் மிச்சமிருந்தால் வங்கியில் போடுங்கள்.

முதல் வழியாக இதைத் தேர்ந்தெடுப்பது எப்போது சரி? இன்ன தேதியில் இன்ன பணம் வருகிறது, அன்று போடுங்கள் என்று வாடிக்கையாளர் எழுத்தில் சொன்னால், அந்தத் தேதியும் 30 நாளுக்குள் இருந்தால் சரி. அப்படித் திரும்பினாலும் முதல் மெமோவின் கெடு இன்னும் கையில் இருக்கும். "அடுத்த வாரம் போடுங்க" என்ற வாய்ச்சொல்லுக்காகப் போட்டால் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உங்கள் வங்கியும் கட்டணம் பிடிக்கும், நாளும் போகும்.

இதில் ஒரு குழி இருக்கிறது, கடை வியாபாரத்தில் அடிக்கடி விழுவது. செக் திரும்பிய பிறகு வாடிக்கையாளர் 10,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பி, "மீதிக்குச் செக்கைப் போட்டுக்கோங்க" என்கிறார். இப்போது கடன் 38,500. செக்கில் இருப்பது 48,500. அந்தச் செக்கை அப்படியே வங்கியில் போட்டுத் திரும்பினால், போட்ட அன்று அந்தத் தொகைக்கு நிகரான கடன் இல்லை என்பதால் 138 பொருந்தாது. 2022-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பகுதித் தொகை பெற்ற விவரத்தைச் செக்கிலேயே குறித்து மீதிக்கு மட்டும் போட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் 38,500-க்குப் புதுச் செக் வாங்குவதே நிம்மதி. அந்தப் புதுச் செக்கின் தேதியை அவர் தள்ளிப் போட்டுத் தந்தால், அதுவரை பழைய செக்கின் கெடு நிற்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

138 நோட்டீஸ்: தானே எழுதுவதா, வக்கீலா

என் தேர்வு இதுதான்: மெமோ வந்த இரண்டு வாரத்துக்குள் ஒரே நோட்டீஸ், 15 நாள் கெடு. மீதமிருக்கும் இரண்டு வாரம், தபால் திரும்பி வந்தாலும் வேறு முகவரிக்கு மறுபடி அனுப்பக் கைகொடுக்கும்.

வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையின் லெட்டர்பேடில், தமிழில், உரிமையாளர் கையெழுத்தோடு போகும் நோட்டீஸும் நோட்டீஸ்தான். வக்கீல் தாளுக்கு ஒரு கனம் உண்டு, அதைப் பார்த்ததுமே பணம் கட்டுபவர்களும் உண்டு. நெடுநாள் வாடிக்கையாளரிடம் அதே கனம் வீம்பையும் கிளப்பிவிடலாம். தானே எழுதுபவருக்குக் கட்டணம் மிச்சம், ஆனால் தொகை, பெயர் இரண்டிலும் பிழைக்கு இடமே கிடையாது.

தொகை: நோட்டீஸில் கேட்க வேண்டியது செக் தொகை, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செக் 48,500, பழைய பேரேட்டுப் பாக்கி 6,200, வங்கிக் கட்டணம் 300. "ஆக மொத்தம் 55,000 ரூபாயை 15 நாளில் தரவும்" என்று எழுதினால் அந்த நோட்டீஸ் செல்லாது. செக் தொகையைத் தனியாகக் கேட்டுவிட்டு, மற்றவற்றை வேறு பத்தியில் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டால் செல்லும். பிரித்து எழுதத் தயக்கமாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிடுங்கள், அவற்றை வேறு கடிதத்தில் கேட்டுக்கொள்ளலாம். தட்டச்சுப் பிழை என்று சமாதானமும் சொல்ல முடியாது. ஒரு கோடி ரூபாய் செக்குக்கு நோட்டீஸில் இரண்டு கோடி கேட்ட வழக்கில், பிழை என்ற விளக்கத்தை ஏற்காமல் உச்ச நீதிமன்றம் 2025-இல் நோட்டீஸைச் செல்லாது என்றது.

பெயர்: சரக்கு எடுத்தவருக்கு அல்ல, செக்கில் கையெழுத்துப் போட்ட கணக்குதாரருக்கு நோட்டீஸ் போக வேண்டும். மகன் எடுத்த சரக்குக்கு அப்பா தன் கணக்கிலிருந்து செக் தந்திருந்தால் நோட்டீஸ் அப்பாவுக்கு. இன்னொருவர் கடனுக்காகத் தந்த செக்கும் இந்தப் பிரிவில் அடங்கும். கம்பெனிக் கணக்கின் செக் என்றால் கம்பெனியின் பெயருக்கே அனுப்ப வேண்டும், கையெழுத்திட்ட இயக்குநருக்கும் ஒரு பிரதி போகட்டும். தனியாள் நடத்தும் கடை என்றால் கடைப் பெயரோடு உரிமையாளர் பெயரையும் எழுதுங்கள்.

மேலே போட்ட கணக்குக்கு நோட்டீஸின் நடு உடல் இப்படி இருக்கலாம்:

"எங்கள் பில் எண் 214-இன்படி தாங்கள் வாங்கிய பெயின்ட் வகைகளுக்கான தொகைக்காக, தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மே 5 தேதியிட்ட, ரூ. 48,500-க்கான காசோலையைத் தந்தீர்கள். காசோலை எண்ணும் வங்கிக் கிளையும் கீழே குறிக்கப்பட்டுள்ளன. மே 8 அன்று அதை எங்கள் வங்கியில் செலுத்தினோம். 'போதிய பணம் இல்லை' என்ற காரணத்தோடு அது திரும்பியதாக வங்கியின் குறிப்பு மே 11 அன்று எங்களுக்குக் கிடைத்தது. இந்த அறிவிப்பு தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் மேற்படி காசோலைத் தொகை ரூ. 48,500-ஐ (ரூபாய் நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு) கீழ்க்கண்ட கணக்கில் செலுத்துமாறு கோருகிறோம். தவறினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இன் கீழும் உரிமையியல் வழியிலும் நடவடிக்கை எடுக்க நேரிடும்."

பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணைக் கீழே தருவது சட்டக் கட்டாயம் அல்ல. ஆனால் "கட்டப் போனேன், கடை பூட்டியிருந்தது" என்ற சாக்கை அது அடைத்துவிடும். போலீசில் சொல்வோம், வீட்டு வாசலில் ஆட்களோடு வருவோம் போன்ற வாக்கியங்களுக்கு இங்கே வேலை இல்லை. இது நேராக நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும் புகார், காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்கு அல்ல. முதலில் ஸ்டேஷனுக்கு நடந்து வாரங்களைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

பெரிய தொகை, கம்பெனிச் செக், இடையில் பகுதிப் பணம் வந்த கணக்கு என்றால் வக்கீலிடமே போங்கள். சாதாரணக் கணக்கு என்றால் நீங்களே எழுதி, அனுப்புவதற்கு முன் வக்கீல் ஒருவரிடம் காட்டிக்கொள்வது போதும். எப்படியும் புகார் கட்டத்தில் வக்கீல் தேவைப்படுவார். உங்கள் வங்கிக் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2015 திருத்தம் தந்த வசதி. வாடிக்கையாளரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

மூன்று வழியும் அடைபட்டுவிட்டால், அதாவது 30 நாளும் செக்கின் ஆயுளும் போய்விட்டால், 138 போய்விட்டதே தவிரக் கடன் போய்விடவில்லை. சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் வழக்குப் போட்டுப் பணத்தைக் கேட்கலாம். திரும்பிய செக்கை வைத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்கும் போடலாம். அதில் எதிர்வாதம் செய்யவே அவர் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம் உண்டு, சிறை என்ற அழுத்தம் இல்லை. சிறு தொகைக்கு இது மெதுவான வழி.

அனுப்பும் விதம்

வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி போகட்டும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கிடைத்த நாளிலிருந்துதான் 15 நாள் எண்ண வேண்டும் என்பதால், கிடைத்த நாளுக்குச் சான்று தரும் தபால் தேவை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்ட்டரில் பதிவும் விநியோகச் சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பில்லில் உள்ள கடை முகவரிக்கு ஒன்று, வீட்டு முகவரிக்கு ஒன்று. தபால் எப்போது யாரிடம் சேர்ந்தது என்று காட்டும் இணையப் பக்கத்தை, தபால் சேர்ந்த அன்றே அச்செடுத்து வையுங்கள். பல மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

உறை "வாங்க மறுத்தார்" என்றோ "கதவு பூட்டியிருந்தது" என்றோ குறிப்போடு திரும்பி வந்தால் கலங்க வேண்டாம். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் அது சேர்ந்ததாகவே கருதப்படும் என்று 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திரும்பிய உறையைப் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்பும் தேதியும் முத்திரையும் மேலே இருக்க, உள்ளே நோட்டீஸ் இருக்க, ஒட்டியது ஒட்டியபடியே செக், மெமோ, பில் நகலோடு ஒரே கோப்பில் வையுங்கள். நடுவர் முன் அந்த உறையைத்தான் முதலில் கேட்பார்கள்.